ஒரே ஆட்டம், இரண்டு விலை: பந்தய ஆர்பிட்ராஜில் லாபம் எங்கே, ஓட்டை எங்கே

பிரிட்டனில் டென்னிஸ் ஆட்டத்துக்குப் பணம் கட்டுகிறவர்களில் ஒரு சிறு கூட்டம், யார் வெல்வார் என்பதைப் பற்றிக் கவலைப்படுவதே இல்லை. பந்தயப் பணம் வாங்கும் கடைக்காரரான ஒரு புக்மேக்கரிடம் ஒரு வீரர் மேலும், இன்னொரு புக்மேக்கரிடம் எதிர் வீரர் மேலும் கட்டுவார்கள். இரண்டு விலையும் சரியாக அமைந்துவிட்டால் யார் வென்றாலும் அவர்களுக்குச் சிறு தொகை மிஞ்சும். இதற்குப் பெயர் ஆர்பிட்ராஜ். கணக்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். ஆனால் "எப்படி முடிந்தாலும் லாபம்" என்ற வாக்கியத்தில் அந்த "எப்படி முடிந்தாலும்" எதையெல்லாம் குறிக்கிறது என்று பார்க்கத் தொடங்கும்போதுதான் விஷயம் சுவைக்கிறது.

முதலில் கணக்கை முடித்துவிடுவோம். ஓர் இளைய வீரரும் முழங்காலில் கட்டுப் போட்ட ஒரு மூத்த வீரரும் மோதுகிறார்கள். சிவப்புக் கடை, நீலக் கடை என்று இரண்டு புக்மேக்கர்களை வைத்துக்கொள்வோம். சிவப்புக் கடையில் இளையவருக்கு 2.10, மூத்தவருக்கு 1.75. நீலக் கடையில் இளையவருக்கு 1.87, மூத்தவருக்கு 1.98. இவை தசம விலைகள். 2.10 என்றால், கட்டிய ஒரு பவுண்டு வென்றால் கட்டிய பணத்தையும் சேர்த்து 2 பவுண்டு 10 பென்ஸ் கைக்கு வரும்.

நூறை விலையால் வகுத்தால், அந்த விலை எத்தனை சதவீத வாய்ப்பைச் சொல்கிறது என்று தெரியும். சிவப்புக் கடையின் இரண்டு விலைகளையும் இப்படி வகுத்துக் கூட்டினால் 105க்குச் சற்றுக் குறைவாக வருகிறது. நீலக் கடையில் 104. நூறுக்கு மேல் இருக்கும் அந்த நான்கும் ஐந்தும்தான் கடைக்காரரின் பிழைப்பு. ஒரே கடையில் இரண்டு பக்கமும் கட்டினால் நிச்சயம் நஷ்டம். ஆனால் சிவப்புக் கடையில் இளையவரையும் நீலக் கடையில் மூத்தவரையும் எடுத்தால் 47.6, 50.5, ஆகக் கூட்டுத்தொகை 98.1. நூறுக்குக் கீழே இறங்கிவிட்டது. அந்தப் பள்ளம்தான் ஆர்பிட்ராஜ்.

பணத்தை எப்படிப் பிரிப்பது? எந்தப் பக்கம் வென்றாலும் ஒரே தொகை திரும்ப வேண்டுமென்றால், குறைந்த விலைப் பக்கத்தில் அதிகமாகவும் கூடிய விலைப் பக்கத்தில் குறைவாகவும் கட்ட வேண்டும். இரண்டே முடிவுகள் இருக்கும் ஆட்டத்தில் இதற்கு ஒரு எளிய வழி உண்டு. ஒருவர் மேல் கட்ட வேண்டிய பங்கு மற்றவருடைய விலைதான். இளையவருக்கு 1.98 பங்கு, மூத்தவருக்கு 2.10 பங்கு, மொத்தம் 4.08 பங்கு. கையில் 1,000 பவுண்டு இருந்தால் இளையவருக்கு 485.29, மூத்தவருக்கு 514.71. முதலாவதை 2.10 ஆல் பெருக்கினாலும் இரண்டாவதை 1.98 ஆல் பெருக்கினாலும் 1,019.12 அளவில் வருகிறது. லாபம் 19 பவுண்டுக்குக் கொஞ்சம் மேல், அதாவது நூறுக்கு இரண்டுகூட இல்லை.

485.29 என்று அப்படியே கட்டுவது, நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டு கடைக்குள் போவதற்குச் சமம். பொழுதுபோக்குக்காகப் பணம் கட்டுகிறவன் 29 பென்ஸ் கட்ட மாட்டான். ஆகவே 485, 515 என்று முழுதாக்குவார்கள். இளையவர் வென்றால் 18.50, மூத்தவர் வென்றால் 19.70. ஒரு பவுண்டு வித்தியாசம்தான், அதனால் ஒன்றும் குறைந்துவிடாது.

இனிக் கேட்க வேண்டிய கேள்வி, இந்தப் பள்ளம் ஏன் வந்தது என்பது. சில சமயம் ஒரு கடை சந்தை நகர்ந்ததைக் கவனிக்காமல் பழைய விலையையே வைத்திருக்கும். சில சமயம் ஒரு கடைக்கு வாடிக்கையாளர்களை இழுக்க வேண்டியிருக்கும். இந்த இரண்டும் உண்மையான லாபம். மூன்றாவது காரணம் ஒன்று உண்டு. இரண்டு கடைகளும் ஒரே பெயரில் வேறு வேறு சரக்கை விற்றுக்கொண்டிருக்கலாம்.

டென்னிஸில் வீரர் காயம்பட்டு நடுவில் விலகுவது அன்றாடம் நடப்பது. அப்போது "யார் வெல்வார்" என்ற பந்தயத்தை எப்படித் தீர்ப்பது என்பதில் கடைக்குக் கடை விதி வேறு. சில கடைகளில் ஒரு பந்து வீசப்பட்டாலே போதும், அடுத்த சுற்றுக்குப் போகிறவர் வென்றவர். சில கடைகளில் முதல் செட்டாவது முடிந்திருக்க வேண்டும். இன்னும் சிலவற்றில் ஆட்டம் முழுதாக முடிய வேண்டும், இல்லாவிட்டால் பந்தயம் செல்லாது, கட்டிய பணம் திரும்பிவிடும். இந்த விதிகள் யாரும் படிக்காத நீண்ட பக்கங்களில் கிடக்கும். விலைப் பட்டியலில் இரண்டு இடத்திலும் "ஆட்டத்தில் வெற்றி" என்ற ஒரே தலைப்புதான் தெரியும்.

நம் சிவப்புக் கடை முழு ஆட்டம் முடிய வேண்டும் என்கிறது என்று கொள்வோம். நீலக் கடைக்கு முதல் செட் முடிந்தால் போதும். ஆட்டம் ஒழுங்காக முடிந்தால் நமக்கு 19 பவுண்டு. முதல் செட் முடியும் முன்பே ஒருவர் விலகினால் இரண்டு பந்தயமும் செல்லாது. பணம் திரும்பும், லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை. முதல் செட்டுக்குப் பிறகு இளையவர் விலகினால் சிவப்பில் கட்டிய 485 திரும்பிவிடும், நீலத்தில் மூத்தவர் வென்றதாகக் கணக்கு, லாபம் 504.70. அதிர்ஷ்டம்தான். மூத்தவரின் முழங்கால் இரண்டாம் செட்டில் சொன்னபடி கேட்காமல் அவர் விலகினாலோ, சிவப்பில் 485 திரும்பும், நீலத்தில் 515 போய்விடும். 19 பவுண்டுக்காக இறங்கியவன் 515 பவுண்டைத் தொலைத்துவிட்டு நிற்பான்.

அபூர்வமாக நடப்பதுதானே என்று தோன்றலாம். 2017 ஜூலை 4 அன்று விம்பிள்டன் நடு மைதானத்தில் அடுத்தடுத்து இரண்டு ஆட்டங்கள் இப்படித்தான் முடிந்தன. ஜோகோவிச்சுக்கு எதிரே கிளிசான் 6-3, 2-0 என்ற நிலையில் விலகினார். ஃபெடரருக்கு எதிரே டோல்கபோலவ் 6-3, 3-0 என்ற நிலையில் விலகினார். இரண்டிலும் முதல் செட் முடிந்திருந்தது, ஆட்டம் முடியவில்லை. நம்முடைய சிவப்பு விதியும் நீல விதியும் பிரிகிற இடம் இதேதான். அந்த ஆண்டு முதல் சுற்றில் தோற்றவருக்கே 35,000 பவுண்டு பரிசு. வலியோடு வந்து ஒரு செட் ஆடிவிட்டு விலகினாலும் அந்தக் காசோலை கையில். டிக்கெட் வாங்கியவர்கள் முணுமுணுத்தார்கள். 2018 முதல் கிராண்ட் ஸ்லாம் போட்டிகளில் விதி மாறியது. போட்டி நடக்கும் இடத்துக்கு வந்து, ஆடும் முன்பே விலகுபவருக்கு முதல் சுற்றுப் பரிசில் பாதி, அவர் இடத்தில் ஆட வருபவருக்கு மீதிப் பாதி என்றார்கள். வீரர் ஏன் விலகுகிறார் என்பதற்கு முழங்கால் மட்டுமல்ல, காசோலையும் ஒரு காரணம் என்பதைப் போட்டி நடத்துபவர்களே ஏற்றுக்கொண்டதாகத்தான் நான் இதைப் படிக்கிறேன்.

ஆர்பிட்ராஜ் தேடுபவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதற்கு அடுத்த படி. விலகும் அபாயம் ஒரு பக்கம், விலைப் பள்ளம் இன்னொரு பக்கம் என்று இரண்டும் தனித்தனியானவை அல்ல. அந்த அபாயமே பள்ளத்தை உண்டாக்கலாம். நூறு ஆட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 45இல் இளையவர் ஆடி வெல்கிறார், 49இல் மூத்தவர் ஆடி வெல்கிறார், மீதி ஆறில் முதல் செட்டுக்குப் பிறகு மூத்தவர் விலகுகிறார் என்று கற்பனை செய்வோம். சிவப்புக் கடைக்கு அந்த ஆறும் கணக்கிலேயே இல்லை, ஏனென்றால் அவை செல்லாதவை. அதற்கு 94இல் 45தான் இளையவரின் வெற்றி. நியாயமான விலை 2.09. நீலக் கடைக்கு அந்த ஆறும் மூத்தவரின் தோல்வி. அதற்கு நூறில் 49, நியாயமான விலை 2.04. இரண்டு கடையும் கடுகளவும் தவறு செய்யவில்லை. ஆனாலும் 2.09ஐயும் 2.04ஐயும் ஒப்பீட்டு மென்பொருளில் போட்டால், மூன்று சதவீதத்துக்கு மேல் லாபம் என்று பச்சை விளக்கு எரியும்.

அந்தப் பச்சை விளக்கை நம்பி ஒவ்வோர் ஆட்டத்திலும் 1,000 பவுண்டை எந்தப் பக்கம் வென்றாலும் ஒரே தொகை வரும்படி பிரித்து வைத்தால், 94 ஆட்டங்களில் தலா 32 பவுண்டுபோல வரும், மொத்தம் 3,040 அளவில். மூத்தவர் விலகும் ஆறு ஆட்டங்களில் தலா 506 போகும், மொத்தம் 3,036. வந்ததும் போனதும் சமம். இலவசமாகக் கிடைத்ததுபோல் தெரிந்த மூன்று சதவீதம், நாம் அறியாமல் விற்றுவிட்ட காயக் காப்பீட்டின் பிரீமியம்தான். கடைகள் தங்கள் பங்கை எடுத்த பிறகு உண்மையில் கிடைக்கும் விலைகளில் அதுகூடத் தேறாது. நம் முதல் கணக்கில் லாபம் 19, இழப்பு 515. அப்படியானால் மூத்தவர் விலகும் வாய்ப்பு மூன்றரை சதவீதத்தைத் தாண்டினாலே, இளையவர் விலகினால் வரும் அதிர்ஷ்டத்தைச் சேர்க்காமல் பார்த்தால், இது நஷ்ட வியாபாரம்.

இதை முன்கூட்டியே அறிய ஒரு வழி உண்டு. பள்ளம் எந்தத் திசையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். விலகினால் பந்தயம் செல்லாது என்னும் கடைகள் ஒரு பக்கமாகவும், விலகினாலும் செல்லும் என்னும் கடைகள் இன்னொரு பக்கமாகவும் அணி பிரிந்து, காயம் பேசப்படும் வீரருக்கு இரண்டாவது அணியில் எல்லாருமே கூடுதல் விலை தருகிறார்கள் என்றால், அது பிழையான விலை அல்ல, விதியின் விலை. ஒரே விதி உள்ள இரண்டு கடைகளுக்கு நடுவே பள்ளம் இருந்தால் அது பேசத் தக்கது. விதிகள் எதிர்மாறாக அமைந்திருந்தால், அதாவது மூத்தவர் மேல் கட்டிய கடையில் விலகல் செல்லாது, இளையவர் மேல் கட்டிய கடையில் செல்லும் என்று இருந்தால், மூத்தவரின் விலகல் நமக்கு ஆதாயம். அப்படிப்பட்ட பள்ளம் சிறிதாக இருந்தாலும் அதன் பெறுமதி அதிகம். சற்று விவரமானவர்கள் தேடுவது அதைத்தான்.

செல்லாமல் போவதற்கு இன்னொரு வாசல், கடைக்காரரின் சொந்தப் பிழை. இளையவர் விலையை மூத்தவருக்கும் மூத்தவர் விலையை இளையவருக்கும் மாற்றிப் போட்டிருப்பார்கள், அல்லது 2.10 என்பதற்குப் பதில் 21 என்று தட்டச்சு செய்திருப்பார்கள். பிரிட்டிஷ் கடைகளின் விதிப் புத்தகத்தில், கண்ணுக்குத் தெரியும் தவறு இருந்தால் பந்தயத்தை ரத்து செய்யவோ சரியான விலையில் தீர்க்கவோ உரிமை உண்டு என்று ஒரு பிரிவு இருக்கும். பதினைந்து, இருபது சதவீத லாபம் காட்டும் பள்ளங்கள் ஏறக்குறைய எல்லாமே இந்த வகை. ரத்து எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஆட்டம் முடிந்த பிறகும் வரலாம். இரண்டு கடையில் கட்டிய இரண்டு பந்தயங்களும்தான் ஆர்பிட்ராஜின் இரண்டு கால்கள். ஒரு கால் முறிந்து இன்னொரு கால் மட்டும் நிற்கும்போது நீங்கள் ஆர்பிட்ராஜ்காரர் அல்ல, சாதாரணச் சூதாட்டக்காரர், அதுவும் நீங்கள் தேர்ந்தெடுக்காத வீரர் மேல். அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் ஐந்து சதவீதத்துக்கு மேல் லாபம் தெரிந்தால் மகிழாமல் சந்தேகப்படுவார்கள். மற்ற எல்லாக் கடைகளும் 1.90க்கு அருகில் இருக்க ஒன்று மட்டும் 2.60 என்றால், அந்த ஒன்றின் மேல் கால் வைக்காமலிருப்பதே கெட்டிக்காரத்தனம்.

பிரிட்டனில் பந்தயம் 2007 செப்டம்பர் 1 முதல் நீதிமன்றத்தில் கேட்டுப் பெறக்கூடிய ஒப்பந்தம். அதற்கு முன் 1845ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அது வெறும் மானப் பிரச்சினை. தகராறு வந்தால் உரிமம் பெற்ற கடைகள் ஐபாஸ் போன்ற நடுநிலை அமைப்பின் முன் போக ஒத்துக்கொள்ள வேண்டும். தவறு என்ற சொல்லைச் சொல்லிவிட்டாலே கடை தப்பிவிடும் என்பதும் இல்லை. மென்பொருள் கோளாறால் வந்த 17 லட்சம் பவுண்டு பரிசைத் தர பெட்ஃப்ரெட் மறுத்த வழக்கில், 2021இல் லண்டன் உயர் நீதிமன்றம் வென்றவர் பக்கம் தீர்ப்பளித்தது. விலக்கு விதிகள் வாடிக்கையாளரின் பார்வைக்குப் போதிய அளவு கொண்டுவரப்படவில்லை என்பது ஒரு முக்கியக் காரணம். ஆனால் அது கேசினோ ஆட்டம். 2.10ஐ 21 என்று போட்ட டென்னிஸ் விலையைப் பிடித்துக்கொண்டு அதே வழியில் போகலாம் என்று எண்ணுவது அசட்டுத்தனம். இந்திய வாசகருக்கு இந்தப் பாதையும் கிடையாது: 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆம் பிரிவு பந்தய ஒப்பந்தங்களைச் செல்லாதவை என்கிறது, 2025ஆம் ஆண்டுச் சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையே தடை செய்துவிட்டது. அங்கிருந்து வெளிநாட்டு இணையதளத்தில் கட்டியவருக்கு ஒரு பக்கம் ரத்தானால் போய் முறையிட இடமில்லை.

இனி வரம்பு. கடைகள் தோற்பவரை வரவேற்கும், வெல்பவரை அளந்து பார்க்கும். அளக்க அவர்கள் பயன்படுத்தும் கோல் நீங்கள் வென்றீர்களா என்பதுகூட அல்ல. நீங்கள் எடுத்த விலை, ஆட்டம் தொடங்கும்போது இருந்த விலையைவிடத் தொடர்ந்து மேலாக இருந்ததா என்று பார்ப்பார்கள். 2.10க்கு நீங்கள் கட்டினீர்கள், ஆட்டம் தொடங்கும்போது அது 1.95. இருபது முறை இப்படி நடந்தால், இருபதிலும் நீங்கள் தோற்றிருந்தாலும் உங்கள் கணக்கில் ஒரு குறி விழும். அடுத்த முறை 485 கட்டப் போனால், அதிகபட்சம் 3 பவுண்டு 40 பென்ஸ் என்று திரையில் வரும். கணக்கு மூடப்படவில்லை, பணம் பறிபோகவில்லை. கதவு மட்டும் சாத்தப்பட்டுவிட்டது. பின்னக்கிள் போன்ற, வெல்பவரையும் வரவேற்கிறோம் என்று வெளிப்படையாகச் சொல்லும் நிறுவனம் விதிவிலக்கு. அதன் பிழைப்பு குறைந்த பங்கும் பெரிய தொகையும்.

வரம்பு கணக்கின் மேல் விழுந்தால் அது நாளைய கவலை. இரண்டு கால்களுக்கு நடுவே விழுந்தால் அது இந்த நிமிடத்துக் கவலை. சிவப்பில் 485 கட்டியாயிற்று. நீலத்துக்குப் போனால் 515 ஏற்க மாட்டோம், 120தான் என்கிறது. இப்போது பதறாமல் ஒரு சிறு கணக்கைப் போட வேண்டும். இளையவர் வென்றால் 1,018.50 வரும். மூத்தவர் வென்றாலும் அதே தொகை வர வேண்டும். 120ஐ 1.98க்குக் கட்டியதால் 237.60 வரும், இன்னும் 780.90 வேண்டும். இதுவரை செலவு 605. நஷ்டமில்லாமல் தப்ப இன்னும் 413.50 வரை செலவிடலாம். 780.90ஐ 413.50ஆல் வகுத்தால் 1.89 வருகிறது. மூன்றாவது கடை எதிலாவது மூத்தவருக்கு 1.92 கிடைத்தால் 406.72 கட்டி, ஏழு பவுண்டுக்குச் சற்றுக் குறைந்த லாபத்தோடு வெளியேறலாம். 1.87தான் கிடைக்கிறது என்றால் நான்கு பவுண்டு நஷ்டம். அந்த நான்கு பவுண்டைக் கொடுத்துவிட்டு வெளியேறுவதுதான் இந்தத் தொழில். நான்கு பவுண்டுக்கு ஆசைப்பட்டுக் கடைசி ஏழெட்டு நிமிடம் நல்ல விலைக்குக் காத்திருந்து, ஆட்டம் தொடங்கிவிட, 485 பவுண்டை இளையவர் தோளில் தொங்கவிட்டபடி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நிறைய உண்டு.

இதனால்தான் எந்தக் காலை முதலில் வைப்பது என்பது முக்கியம். பொதுவாக வரம்பு சிறியதாகவும் விலை சீக்கிரம் மாறக்கூடியதாகவும் இருக்கும் கடையை முதலில் முடித்துவிட்டு, எவ்வளவு ஏற்றார்கள் என்று பார்த்து, பெரிய தொகையையும் ஏற்கும் ஆழமான சந்தையில் அதற்கேற்ற தொகையைக் கட்டுவார்கள். மேலே சொன்ன நிகழ்வில் வரிசை தலைகீழ். நீலக் கடையிலிருந்து தொடங்கியிருந்தால் 120 என்று தெரிந்ததும் சிவப்பில் 113 மட்டும் கட்டி, இரண்டு பக்கமும் சமமாக நாலரை பவுண்டோடு அமைதியாகப் போயிருக்கலாம்.

வரம்பு வைக்கும் உரிமையை அரசோ விளையாட்டு அமைப்போ குறைக்க முடியாதா என்றால், ஓரிடத்தில் குறைத்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 2014 முதல், தங்கள் குதிரைப் பந்தய விவரங்களைப் பயன்படுத்தும் புக்மேக்கர்கள் எந்த வாடிக்கையாளரிடமிருந்தும் ஒரு குறைந்தபட்ச அளவுக்குப் பந்தயத்தை ஏற்க வேண்டும் என்று குதிரைப் பந்தய அமைப்பு நிபந்தனை வைத்தது. நகரப் பந்தயங்களில் 2,000 டாலர் வரை கடை இழக்கத் தயாராக இருக்க வேண்டும். 2016இல் விக்டோரியாவும் அதே வழியில் வந்தது. இது குதிரைகளுக்கானது, டென்னிஸுக்கு அங்கும் இந்தப் பாதுகாப்பு இல்லை.